மாணவர்களின் 20 வினாடி வீடியோவை வைத்து நடன, இசை வகுப்புக்குச் சேர்க்கைப் பதிவு போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிய சேர்க்கை தொடங்கும்போது பெரும்பாலான வகுப்புகள் செய்வது ஒன்றுதான். இருப்பதிலேயே நன்றாக ஆடும் மூத்த மாணவியின் மேடை வீடியோவை எடுத்து, அதன் கீழே "சேர்க்கை நடைபெறுகிறது" என்று எழுதிப் போட்டுவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போட்டேன். பாராட்டு நிறைய வரும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அழகா ஆடுறாங்க, ஆனா நம்ம பொண்ணுக்கு இதெல்லாம் வருமா?" என்று நினைத்து நகர்ந்துவிடுவார். பாராட்டியவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே நம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் உறவினர்கள்.

பெற்றோர் அந்த வீடியோவில் தேடுவது தங்கள் பிள்ளையைத்தான். இந்த வகுப்பில் சேர்த்தால் சில மாதங்களில் என் பிள்ளை என்ன செய்யும்? யார் பக்கத்தில் நிற்கும்? ஆசிரியர் எப்படி நடத்துவார்? இதற்கு விடை சொல்லும் 20 வினாடி போதும். பரதநாட்டியமும் வாய்ப்பாட்டும் சேர்ந்து நடக்கும் ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு, 6 முதல் 8 வயதுக்கான புதிய பிரிவுக்குப் பதிவு தயாரிப்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

படி 1: எந்தப் பாடத்தைக் காட்டுவது

சேர்க்கப்போகும் வயதுக்கும், சேர்ந்து சுமார் எட்டு மாதத்தில் வரும் நிலைக்கும் பொருந்தும் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் உதாரணத்தில் அது தட்டடவும் சரளி வரிசையும். இரண்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. பாடும் பிள்ளைகள் முதல் சரளி வரிசையைப் பாட, ஆடும் பிள்ளைகள் அதே ஆதி தாளத்தில் தட்டலாம். ஒரே காட்சியில் இரண்டு வகுப்பும் வந்துவிடும்.

முதல் காலத்தில் எட்டு அட்சரத்துக்கு எட்டு ஸ்வரம், எட்டுத் தட்டு. ஆரோகணம் பாட ஒரு ஆவர்த்தனம், அவரோகணம் பாட இன்னொன்று. இரண்டாம் காலத்தில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஆவர்த்தனத்துக்குள் முடிந்துவிடும், தட்டு பதினாறாகிவிடும். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனம் சரியாக 6 வினாடி.

மூன்றாம் காலத்தையும் காட்ட ஆசை வரும். வேண்டாம். இதே வேகத்தில் மூன்றாம் காலம் என்றால் வினாடிக்கு ஐந்து தட்டுக்கு மேல். எட்டு மாதம் படித்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அது சுத்தமாக வராது; முழங்கால் நிமிர்ந்து அரைமண்டி போய்விடும். விஷயம் தெரிந்த பெற்றோர் முதலில் பார்ப்பது அந்த அரைமண்டியைத்தான். வருவதைக் காட்டினால் போதும்.

படி 2: சம்மதம்

கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ஏதோ ஒரு மூலையில் "புகைப்படம் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி இருப்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த வீடியோவுக்கென்று தனியாக, எழுத்தில் வாங்குங்கள். நான் அனுப்பும் செய்தி இது:

"வணக்கம். அடுத்த பிரிவுச் சேர்க்கைக்காக 20 வினாடி வீடியோ ஒன்று எடுக்கிறோம். உங்கள் பிள்ளை மற்ற மூன்று பேருடன் தட்டடவு செய்வதோ சரளி வரிசை பாடுவதோ அதில் வரும். வகுப்பின் இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூன்றில் மட்டும் போடுவோம். பெயர், பள்ளி எதுவும் வராது. போடுவதற்கு முன் உங்களுக்கு அனுப்பிக் காட்டுவோம். சேர்க்கை முடிந்து ஒரு வாரத்தில் எடுத்துவிடுவோம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லுங்கள், அன்றே எடுத்துவிடுவோம். சம்மதம் என்றால் 'சம்மதம்' என்றும், இல்லையென்றால் 'வேண்டாம்' என்றும் பதில் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் வகுப்பில் எந்த வித்தியாசமும் இருக்காது."

பதில் வராவிட்டால் அது சம்மதம் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேறு வேறு பதில் சொன்னால் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். அப்புறம் பிள்ளையிடமும் கேளுங்கள். "எல்லாரும் பார்ப்பாங்க, உனக்குச் சரியா?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே பதில் சொல்லத் தெரியும். தயங்கினால், பெற்றோர் சம்மதித்திருந்தாலும் நான் எடுப்பதில்லை.

பதினோரு பேர் படிக்கும் வகுப்பில் நான்கு பேரை மட்டும் எடுத்தால் மற்றவர்கள் வாடிவிடுவார்கள். அன்று சம்மதம் தந்த எல்லாப் பிள்ளைகளையும் நான்கு நான்கு பேராக எடுத்து, அந்தந்த வீடியோவை அந்தந்தப் பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். பதிவுக்கு எது போகிறது என்பது பிறகு முடிவாகும் விஷயம்.

படி 3: இடமும் நிற்கும் முறையும்

வீடியோவைப் போனை நேராகப் பிடித்து, 9க்கு 16 அளவில் எடுப்போம். அந்தச் சட்டத்தில் அகலம் கிடையாது. நான்கு பேரை வரிசையாக நிறுத்தினால் எல்லாரும் பொம்மை மாதிரி சின்னதாகத் தெரிவார்கள். ஆனால் ஆழம் உண்டு. ஆடும் இருவரை முன்னால் இடமும் வலமுமாக நிறுத்துங்கள். அவர்களுக்கு நடுவே தெரியும் இடைவெளியில், இரண்டு மூன்று அடி பின்னால், பாடும் இருவரை ஒரு தாழ்வான பலகை மேல் உட்கார வையுங்கள். நான்கு முகமும் தெரியும், எட்டுக் காலில் ஆட வேண்டிய நான்கும் தெரியும்.

போனின் உயரம் பிள்ளையின் இடுப்பளவு இருக்கட்டும். நாம் நின்றபடி நம் கண் உயரத்தில் பிடித்தால், மேலிருந்து பார்ப்பதால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரியும். நன்றாக உட்கார்ந்த அரைமண்டிகூட நின்ற மாதிரி ஆகிவிடும். ஸ்டாண்டில் வைத்து, பாதத்துக்குக் கீழே ஒரு சாண் தரை தெரியும்படி சட்டத்தை அமையுங்கள். நடன வீடியோவில் பாதம் வெட்டுப்பட்டால் மீதியெல்லாம் வீண்.

வெளிச்சம் போனுக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் மேல் விழ வேண்டும். ஜன்னல் பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

கண்ணாடி இருக்கும் அறை என்றால் கவனம். ஒருமுறை, அழகாக வந்த வீடியோ ஒன்றைப் பதிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு அம்மா போன் செய்தார். சம்மதம் தராத அவருடைய பிள்ளை சுவர்க் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்தாள். நான் நூறு தடவை பார்த்திருப்பேன்; ஆடும் பிள்ளைகளையே பார்த்ததால் கண்ணில் படவில்லை. உடனே எடுத்துவிட்டேன், ஆனாலும் அந்த அம்மாவின் குரல் இன்னும் நினைவிருக்கிறது. இப்போது கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டுத்தான் எடுக்கிறேன். பள்ளிச் சீருடை, பள்ளிப் பெயர் போட்ட பை, சுவரில் ஒட்டிய மாணவர் பெயர்ப் பட்டியல் இவையும் சட்டத்துக்குள் வரக் கூடாது.

படி 4: ஒலி

பாடுபவர்கள் பின்னால், தட்டுபவர்கள் முன்னால். அதனால் போனில் பதிவாகும்போது காலடிச் சத்தமும் தட்டுக்கழியும் பெரிதாகவும், பிள்ளைகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் கேட்கும். இதற்கு மைக் வாங்க வேண்டியதில்லை. இன்னொரு போனில் குரல் பதிவை ஓடவிட்டு, பாடும் பிள்ளைகளுக்கு எதிரே, சட்டத்தில் தெரியாத மாதிரி பலகைக்குக் கீழே வையுங்கள். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் ஒருவர் சத்தமாக ஒரே ஒரு கைத்தட்டு தட்டட்டும். வெட்டித் தொகுக்கும்போது இரண்டு ஒலியிலும் அந்தத் தட்டு ஊசி மாதிரி மேலெழும்பித் தெரியும். இரண்டையும் ஒரே இடத்தில் பொருத்தினால் குரலும் காலும் சேர்ந்துவிடும். பிறகு வீடியோ எடுத்த போனின் ஒலியைப் பாதிக்குக் கீழே குறைத்துவிடுங்கள்.

தட்டுக்கழியைப் போன் இருக்கும் மேசையிலோ பலகையிலோ தட்டாதீர்கள். அதிர்வு நேரே ஏறி, ஒலி பிளந்து கேட்கும். சுருதிப் பெட்டி பாடும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தள்ளி வைத்தால் பிள்ளைகளுக்கே சரியாகக் கேட்காமல் சுருதி நழுவும். முதலில் பத்து வினாடி எடுத்து, இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பின்னணியில் பிரபலமான பாட்டின் ஒலிப்பதிவைப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அப்படிப் போட்டால் உரிமைப் பிரச்சினையில் தளமே ஒலியை முடக்கிவிடும் வாய்ப்பு அதிகம். தாளத்துக்கு ஆடும் பிள்ளை ஒலி இல்லாமல் ஆடுவதைப் பார்ப்பது பரிதாபம். பழைய வாக்கேயக்காரர்களின் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை என்றாலும், அதை ஒரு கலைஞர் பாடிய ஒலிப்பதிவு உரிமை உள்ளதுதான். உங்கள் மாணவர்களே பாடும் வரிசைக்கு இந்தக் கவலை இல்லை. அதோடு, நீங்கள் கற்றுத் தருவது அதைத்தானே.

படி 5: எடுப்பது

மூன்று முறைக்கு மேல் எடுக்காதீர்கள். நான்காவது முறையில் பிள்ளைகளின் முகம் விழுந்துவிடும், தொடை வலிக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் முழுதாக, முதல் காலத்தில் இரண்டு ஆவர்த்தனம், இரண்டாம் காலத்தில் இரண்டு ஆவர்த்தனம், கடைசித் தட்டுக்குப் பிறகு அசையாமல் மூன்று எண்ணிக்கை. அந்த நிற்றல் கட்டாயம். இல்லையென்றால் முடிந்ததும் பிள்ளை நம்மைப் பார்த்துத் திரும்பிவிடும், வீடியோவை முடிக்க இடமே இருக்காது.

யாராவது ஒரு தட்டு தவறிவிட்டுச் சிரித்தால் அந்த முறையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தாளம் விடாமல் அடுத்த தட்டில் சேர்ந்துகொண்டால், பல சமயம் அதுதான் பெற்றோருக்குப் பிடிக்கும் வீடியோவாக இருக்கும். ஆனால் பிள்ளை தவறியதற்கு வருந்தி முகம் சுருங்கியிருந்தால் அதைப் போடக் கூடாது.

படி 6: வெட்டுவது

இங்கேதான் பெரும்பாலான வகுப்பு வீடியோக்கள் கெட்டுப்போகின்றன. 15 வினாடி, 20 வினாடி என்று கடிகாரத்தைப் பார்த்து வெட்டுவார்கள். தாளத்தின் நடுவில் தொடங்கி நடுவில் அறுந்துபோகும். இசை தெரியாதவருக்கும் ஏதோ தடுக்கிய மாதிரி இருக்கும்; தெரிந்தவர் இந்த வகுப்பைப் பற்றியே சந்தேகப்படுவார். வெட்டு சமத்தில் விழ வேண்டும். தொடக்கம் ஒரு ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்தில். முடிவு, கடைசி ஆவர்த்தனம் நிறைந்து பிள்ளைகள் நின்ற பிறகு.

நாம் எடுத்தது நான்கு ஆவர்த்தனம், 24 வினாடி. இதில் முதல் ஆவர்த்தனத்தை, அதாவது முதல் கால ஆரோகணத்தை, எடுத்துவிடலாம். மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கும் அவரோகணத்தில் வீடியோ தொடங்கும். பிள்ளைகளின் குரல் அங்கே கணீரென்று இருக்கும். அந்த 6 வினாடி நிதானம். ஏழாவது வினாடியில் தட்டு இரட்டிக்கும். பார்ப்பவர் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. இரண்டாம் காலம் 12 வினாடி, நிற்றல் 2 வினாடி. மொத்தம் 20. கைத்தட்டு வெளியே போய்விடும்.

திரையில் எழுத்து இரண்டே இடத்தில் போதும். முதல் நிதானமான 6 வினாடியில், தலைக்கு மேலே: "8 மாதம் படித்த பிள்ளைகள். வயது 6–8." கடைசி நிற்றலில், அதே இடத்தில்: "புதிய பிரிவு. விவரம் கீழே." சட்டத்தின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் தளத்தின் பொத்தான்களும் குறிப்பும் மறைக்கும் என்பதால் அங்கே எழுத்து வைக்காதீர்கள். பலர் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அந்த முதல் வரிதான் எல்லாம் சொல்ல வேண்டும். முகத்தை மாற்றிக்காட்டும் அழகு வடிகட்டிகள், வேகம் கூட்டுவது இரண்டும் வேண்டாம். வேகம் கூட்டினால் சுருதியும் காலமும் பொய்யாகிவிடும்.

அட்டைப் படமாகத் தளம் தானாக எடுப்பது பெரும்பாலும் கண் மூடிய ஒரு கணமாக இருக்கும். இரண்டாம் காலத்தில், இருவரும் அரைமண்டியில், கண் திறந்து, பாதம் தரையில் பதிந்திருக்கும் ஒரு சட்டத்தை நீங்களே தேடி வையுங்கள்.

முடிந்ததும் நான்கு பெற்றோருக்கும் அனுப்பி, ஒரு நாள் பொறுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். தொகுத்த கோப்பை டாகுமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஆனால் போனில் எடுத்த மூலக் கோப்பை டாகுமெண்ட்டாக வெளியே அனுப்பாதீர்கள். எடுத்த இடத்தின் விவரம் அதற்குள் இருக்கக்கூடும்.

படி 7: பதிவின் எழுத்து

வீடியோவுக்குக் கீழே முதல் இரண்டு வரிதான் தட்டாமல் தெரியும். "கலை என்பது..." என்று தொடங்கினால் அந்த இரண்டு வரியும் போச்சு. வயது, வகுப்பு, தொடங்கும் நாள் மூன்றும் அதற்குள் வந்துவிட வேண்டும். எங்கள் உதாரணப் பதிவு:

"6–8 வயதுப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம், வாய்ப்பாட்டு: புதிய பிரிவு ____ தேதி தொடங்குகிறது. 12 இடங்கள்.

வீடியோவில் இருப்பவர்கள் இதே வயதில் சேர்ந்து எட்டு மாதம் படித்தவர்கள். தட்டடவும் முதல் சரளி வரிசையும் இரண்டு காலத்தில் செய்கிறார்கள்.

சனி: நடனம், காலை 10 முதல் 11 வரை. ஞாயிறு: பாட்டு, அதே நேரம். ஒன்றை மட்டும் படிக்கவும் சேரலாம்.
இடம்: ____
கட்டணம்: மாதம் ____. சேர்க்கைக் கட்டணம்: ____.

முன் அனுபவம் தேவையில்லை. முதல் வகுப்புக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பெற்றோர் உடன் உட்காரலாம்.

____ எண்ணுக்கு 'வகுப்பு' என்றும் பிள்ளையின் வயதையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நேரம் சொல்கிறோம்."

கட்டணத்தை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுங்கள். "விவரங்களுக்கு அணுகவும்" என்று விட்டால் கேட்கத் தயங்குபவர்கள் கேட்காமலே போவார்கள். மற்றவர்களில் பாதிப்பேர் கட்டணம் கேட்டதும் காணாமல் போவார்கள். இருவருக்கும் நேரம் வீண். எட்டு மாதம் என்று எழுதும்போது அது உண்மையாக இருக்கட்டும். ஒரு பிள்ளை ஏற்கெனவே வேறிடத்தில் படித்து வந்தவள் என்றால் அவளைத் தவிர்த்து எடுங்கள், அல்லது அதைச் சொல்லுங்கள். எத்தனை பேர் மேடையேறினார்கள், எத்தனை பரிசு என்பதெல்லாம் இந்தப் பதிவில் வேண்டாம்.

தொடர்புக்கு ஒரே வழி கொடுங்கள். போன், மெயில், படிவம், செய்தி என்று நான்கு கொடுத்தால் நான்கிலும் பாதி விசாரணை தவறும்.

படி 8: போடும்போதும் போட்ட பிறகும்

பிள்ளைகளின் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள்; பெற்றோரை டேக் செய்யாதீர்கள். டேக் செய்தால் அவர்கள் பக்கத்திலிருந்து பிள்ளையின் பெயர், பள்ளி, வீடு எல்லாம் இரண்டு தட்டில் கிடைத்துவிடும். இன்ஸ்டாகிராமில் பிறர் ரீலைத் தரவிறக்குவதையும் ரீமிக்ஸ் செய்வதையும் அமைப்பில் அணைத்துவிடலாம். பகிரும் முன்பே செய்துவிடுங்கள். திரைப்பதிவை இதனால் தடுக்க முடியாது என்பதையும் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

யூடியூபில், சிறுவர்கள் இருக்கும் வீடியோக்களுக்குக் கருத்துப் பகுதி மூடப்படுவது 2019 முதல் வழக்கம். அங்கே போட்டால் எண்ணும் நேரமும் விளக்கத்திலேயே இருக்க வேண்டும். "கருத்தில் கேளுங்கள்" என்று எழுதிப் பயனில்லை. இன்ஸ்டாகிராமில் கருத்து திறந்திருக்கும். "அந்தப் பச்சை உடைப் பாப்பா பேர் என்ன? எந்த ஸ்கூல்?" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் பதில் சொல்லாமல் நீக்கிவிடுங்கள். நல்ல எண்ணத்தோடு கேட்டவராகவும் இருக்கலாம், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லை. முதல் மூன்று நாள் காலையிலும் இரவிலும் ஒருமுறை கருத்துகளைப் பாருங்கள்.

செய்தி அனுப்பும் பெற்றோருக்கு அன்றே பதில் போக வேண்டும். பதிலில் திரும்பவும் விவரப் பட்டியல் வேண்டாம், அது பதிவிலேயே இருக்கிறது. "வணக்கம்மா, 7 வயது என்றால் இந்தப் பிரிவு சரியாக இருக்கும். இந்தச் சனி 10 மணிக்கு வந்து பார்க்க முடியுமா? தளர்வான உடை போதும்" என்று ஒரு கேள்வியோடு முடியட்டும். வந்தவர்களிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறியுங்கள். பார்வை எண்ணிக்கையை நான் கணக்கில் எடுப்பதில்லை. முதல் வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற இரண்டு எண்தான் அடுத்த பதிவை மாற்ற உதவும். நிறையப் பேர் வந்து சிலரே சேர்ந்தால் குறை வீடியோவில் இல்லை. நேரத்திலோ கட்டணத்திலோ அந்த முதல் வகுப்பிலோ இருக்கிறது. விசாரணையே வராவிட்டால் முதல் வரியையும் முதல் 6 வினாடியையும் மாற்றிப் பாருங்கள்.

12 இடமும் நிறைந்த அன்று, பதிவின் முதல் வரியை "இடங்கள் நிறைந்துவிட்டன" என்று மாற்றிவிட்டு, ஒரு வாரம் விட்டு இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டிலிருந்தும் வீடியோவை எடுத்துவிடுங்கள். சம்மதம் கேட்டபோது அப்படித்தான் எழுதியிருந்தோம். எடுத்த பிறகு அந்த நான்கு பெற்றோருக்கும் "வீடியோவை எடுத்துவிட்டோம், நன்றி" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்த சேர்க்கைக்குச் சம்மதம் கேட்கும்போது அந்த ஒரு வரியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.